முடிவு வரும்வரை என்ன செய்யலாம்?

சாதாரண நிலைத் தேர்வின் கடைசித் தாள் நவம்பர் நடுப்பகுதியில் முடிந்துவிடும். முடிவு ஜனவரி இரண்டாம் வாரவாக்கில் வெளிவரும். இடைப்பட்ட இரண்டு மாதங்களில் பிள்ளை என்ன செய்தாலும் மதிப்பெண் மாறப்போவதில்லை. படித்த நாள்களைவிடக் காத்திருக்கும் நாள்கள் கனமாக இருப்பது இதனால்தான்.

இத்தகைய காத்திருப்பை ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் கேட் ஸ்வீனி. கலிஃபோர்னியாவில் வழக்கறிஞர் தகுதித் தேர்வு எழுதிவிட்டு நான்கு மாதங்கள் முடிவுக்காகக் காத்திருந்த சட்டப் பட்டதாரிகளை அவர் தொடர்ந்து கவனித்தார். கவலை தொடக்கத்திலும் இறுதியிலும் அதிகமாகவும், நடுவில் சற்றுத் தணிந்தும் இருந்தது. நினைக்காமல் இருக்க முயல்வதும் மனத்தைத் தேற்றிக்கொள்வதும் பெரிதாக உதவவில்லை. ஆகவே, “அதையே நினைக்காதே” என்று பிள்ளையிடம் சொல்வதால் பயனில்லை. அந்தந்தக் கட்டத்துக்கு ஏற்ற வேலையைக் கொடுப்பதே நல்லது.

முதல் வாரங்கள்: கை நிறைய வேலை

நேரம் போவதே தெரியாமல் ஒன்றில் மூழ்கியிருந்தவர்கள் காத்திருப்பை எளிதாகக் கடந்ததாகவும் ஸ்வீனியின் குழு கண்டறிந்தது. எல்லாப் பொழுதுபோக்கும் அப்படி மூழ்கடிப்பதில்லை. இலக்கு தெளிவாக இருக்க வேண்டும். வேலை நம் திறனைவிடச் சற்றே கடினமாக இருக்க வேண்டும். செய்வது சரியா, தவறா என்பது உடனே தெரிய வேண்டும். கைப்பேசியில் காணொளிகளைத் தள்ளிக்கொண்டே போவதில் இவற்றில் எதுவும் இல்லை.

சிக்குக் கோலத்தில் மூன்றும் இருக்கின்றன. கோடு எல்லாப் புள்ளிகளையும் சுற்றித் தொடங்கிய இடத்திலேயே வந்து சேர வேண்டும். ஒரு திருப்பம் பிசகினாலும் கோலம் அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும். ஐந்து புள்ளி கைவந்தால் ஏழுக்குப் போகலாம். பொங்கலுக்குள் வாசலில் போடும் அளவுக்குத் தேறிவிடலாம். கோலம் பிடிக்காத பிள்ளைக்கு மிருதங்கமோ பரோட்டா வீசுவதோ இதே வேலையைச் செய்யும்.

டிசம்பர்: கணக்குப் போடும் நேரம்

கவலை தணியும் இந்த நடுப்பகுதியே திட்டமிட ஏற்றது. முடிவு வந்தபின் கூட்டு மாணவர் சேர்க்கைக்கு விண்ணப்பிக்க ஏறக்குறைய ஐந்து நாள்களே கிடைக்கும். அதற்குள் 12 தெரிவுகளை வரிசைப்படுத்த வேண்டும்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் பொறியியல் படிக்க விரும்பும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். அங்கு ELR2B2 என்ற கணக்கு பயன்படுகிறது. ஆங்கிலம், படிப்புக்குத் தொடர்புடைய இரு பாடங்கள், மற்றவற்றில் சிறந்த இரண்டு ஆகியவற்றின் கூட்டுத்தொகை அது. எண் குறையக் குறைய நல்லது.

அவர் எதிர்பார்ப்பது ஆங்கிலம் 4, கணிதம் 3, இயற்பியல் 5, தமிழ் 2, மானுடவியல் 4. மொத்தம் 18. இணைப்பாட நடவடிக்கையில் மிகச் சிறந்த தேர்ச்சி இருந்தால் 2 புள்ளி கழியும், 16 ஆகும். ஆங்கிலம், கணிதம், இயற்பியல் மூன்றிலும் ஒரு படி உயர்ந்தால் 13. ஐந்து பாடங்களிலும் ஒரு படி சறுக்கினால் 21.

இப்போது முந்தைய ஆண்டின் சேர்க்கைப் புள்ளிகளைப் பார்த்து 13, 16, 21 ஒவ்வொன்றுக்கும் நான்கு படிப்புகளைத் தேடலாம். அந்தப் புள்ளிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். எனவே, 21க்கான நான்கில் ஒன்றிரண்டாவது 21ஐத் தாண்டிய புள்ளிக்கும் இடம் கொடுத்தவையாக இருக்கட்டும். ஒவ்வொரு படிப்பும் தனித்தனிப் பாடங்களில் கேட்கும் குறைந்தபட்சத் தேர்ச்சியையும் பார்க்க வேண்டும். மொத்தம் நன்றாக இருந்தும், கணிதத்தில் அந்தத் தேர்ச்சி இல்லையென்றால் இடம் கிடைக்காது.

பட்டியல் முடிந்ததும் தாளை மடித்து வைத்துவிடுங்கள். புதிய தகவல் எதுவும் இல்லாமல் பிள்ளை மறுபடியும் மறுபடியும் கூட்டிப் பார்த்தால், அது திட்டமிடல் அல்ல, கவலைதான். அப்போது மீண்டும் கோலப்பொடியைக் கையில் கொடுக்கலாம்.

கடைசி வாரம்: 21ஐ எடுத்து வையுங்கள்

புத்தாண்டுக்குப் பிறகு பதற்றம் திரும்பிவிடும். டிசம்பரில் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று எரிந்து விழுந்தால் பெற்றோர் அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது இந்தக் கடைசி நாள்களில் மட்டும் பயன்தரும். நவம்பரிலேயே தொடங்கினால் இரண்டு மாதமும் வீண் வேதனைதான்.

பட்டியலில் 21க்கு நேராக உள்ள நான்கு படிப்புகளையும் குடும்பமாக உட்கார்ந்து ஒருமுறை படியுங்கள். அந்த எண்ணே வந்தாலும் மறுநாள் காலை எந்தப் படிப்புக்கு விண்ணப்பிப்பது என்பது அப்போது எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.