காற்புள்ளியால் நின்ற செயலி

செயலி திடீரென நின்றுவிட்டால், அதுபற்றிய அறிக்கை பயனரின் ஒப்புதலோடு உருவாக்குநருக்குச் செல்லும். மலேசியாவில் உருவான விலைக் கணக்குச் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். உருவாக்குநரின் திறன்பேசியில் அது ஒழுங்காக இயங்கியது; வேறு சிலருடையதில் நின்றுபோனது. அறிக்கையின் முதல் வரி இது:

```
java.lang.NumberFormatException: For input string: "3,50"
```

"3,50" என்பதை எண்ணாக மாற்ற இயலவில்லை என்பதே இதன் பொருள். எந்த வரியில் நின்றது என்பதும் அறிக்கையில் இருந்தது. பயனர் அதற்குமுன் என்ன செய்தார் என்பதுதான் இல்லை. திறன்பேசிகள் வெவ்வேறு வகை. ஆனால், எல்லாவற்றிலும் இந்தோனேசிய மொழி அமைப்பு! அம்மொழியில் தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி இடுவார்கள். செயலி விலையை அவ்வாறு எழுதிவிட்டு, அதையே மீண்டும் படிக்க முயன்று தடுமாறியிருக்கிறது.

உருவாக்குநர் தம் திறன்பேசியை இந்தோனேசிய மொழிக்கு மாற்றிப் பார்த்தார். அதே பிழை வந்தது. பிறகு, கணக்கிடும் எண்களில் எப்போதும் புள்ளியே வருமாறு நிரலைத் திருத்தினார்.