பதிப்பு எண் தரும் வாக்குறுதி

மாணவர்களே, 1.4.2 போன்ற பதிப்பு எண்களைக் கணினி நிரல்களில் பார்த்திருப்பீர்கள். இது தசம எண் அன்று. புள்ளிகளால் பிரிக்கப்பட்ட மூன்று முழு எண்கள். அதனால்தான் 1.9.0-க்குப் பிறகு 1.10.0 வரலாம்.

ஒருவர் எழுதி, பலர் தங்கள் நிரல்களில் சேர்த்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை ‘நிரல் நூலகம்’ என்கிறோம். அதன் புதிய பதிப்பு வெளிவரும்போது, “இதற்கு மாறினால் என் நிரல் பழுதாகுமா?” என்பதே பயனர் கேட்கும் கேள்வி. ‘செமான்டிக் வெர்ஷனிங்’ என்ற விதிமுறை அதற்கு எண்ணாலேயே பதில் சொல்கிறது. பிழையை மட்டும் திருத்தினால் மூன்றாம் எண் கூடும். பழையது எதையும் கெடுக்காமல் புதிய வசதி சேர்த்தால் இரண்டாம் எண் கூடும். பழைய பயன்பாட்டை முறிக்கும் மாற்றம் என்றால் முதல் எண் கூடும். ஓர் எண் கூடும்போது அதன் வலப்பக்க எண்கள் 0 ஆகிவிடும்.

விதி எளிது. எது முறிக்கும் மாற்றம் என்று தீர்மானிப்பதுதான் கடினம். மதிப்பெண்களின் சராசரியைக் கணக்கிடும் ஒரு நூலகத்தைக் கற்பனை செய்வோம். அதன் 1.4.2 பதிப்பு இது:

```python
def average(marks):
    if not marks:
        return 0
    return round(sum(marks) / len(marks), 1)
```

இதன் விளக்கக் குறிப்பு மூன்று உறுதிகளைத் தருகிறது: விடை ஒரு தசம இடத்துக்கு இருக்கும், பட்டியல் காலியாக இருந்தால் 0 வரும், தேர்வுக்கு வராதவரைக் குறிக்கும் -1 கணக்கில் சேராது.

முதல் மாற்றம். `[60, 80, -1]` என்று கொடுத்தால் 46.3 வருகிறது. -1 கணக்கில் சேர்ந்துவிட்டது, குறிப்பின்படி 70.0 வர வேண்டும். இதைத் திருத்தினால் விடை மாறும். ஆனாலும் இது முறிக்கும் மாற்றம் அன்று. நூலகம் ஏற்கெனவே சொன்னதை இப்போதுதான் ஒழுங்காகச் செய்கிறது. எண் 1.4.3.

இரண்டாம் மாற்றம். எத்தனை தசம இடம் வேண்டும் என்பதைப் பயனரே சொல்ல `average(marks, places=1)` என்று ஒரு வசதி சேர்க்கிறோம். அதைக் கொடுக்காதவருக்குப் பழைய விடையே வரும். எண் 1.5.0.

மூன்றாம் மாற்றம். மதிப்பெண்ணே இல்லாதவருக்குச் சராசரி 0 என்பது தவறான பொருள் தரும். அதனால் காலிப் பட்டியலுக்கு 0 தராமல் `ValueError` எழுப்புகிறோம். மாறியது ஒரே வரி. அதுவும் நல்ல மாற்றம்தான். ஆனால் 0 வரும் என்ற உறுதியை நம்பி எழுதிய நிரல் இனிப் பாதியில் நின்றுவிடும். எண் 2.0.0. மாற்றம் பெரிதா, சிறிதா, நல்லதா என்பது இங்கே அளவுகோல் அன்று. கொடுத்த உறுதி மாறியதா என்பதே அளவுகோல்.

இந்த எண்ணை மனிதர் மட்டும் படிப்பதில்லை. பைத்தானில் `~=1.4` என்று எழுதினால், 1.5.0 போன்ற பதிப்புகளைக் கணினி ஏற்கும், 2.0.0-ஐ ஏற்காது. மூன்றாம் மாற்றத்தை 1.5.1 என்று வெளியிட்டால், அது எச்சரிக்கையின்றிப் பலரின் நிரல்களுக்குள் நுழைந்துவிடும்.

எண் எச்சரிக்கும், காரணத்தைச் சொல்லாது. அதற்குத்தான் மாற்றப் பதிவேடு. “சில மேம்பாடுகள் செய்யப்பட்டன” என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. இப்படி எழுத வேண்டும்:

```
2.0.0
மாறியது: காலிப் பட்டியலுக்கு 0 வராது; ValueError எழும்.
செய்ய வேண்டியது: average-ஐ அழைக்கும் முன்
பட்டியல் காலியா என்று சோதியுங்கள்.
```

முறிவைக் கண்டறிய ஒரு வழி உண்டு. பழைய பதிப்புக்கு எழுதிய சோதனைகளை மாற்றாமல் புதிய பதிப்பில் ஓட்டிப் பாருங்கள். முன்பு தேறிய சோதனை இப்போது தோற்றால், முறிவு இருக்கக்கூடும். ஆனால் சோதனை எழுதப்படாத இடத்தில் இருக்கும் முறிவு இதில் அகப்படாது. 2020 ஏப்ரலில் `is-promise` என்ற மிகச் சிறிய ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் இதுதான் நடந்தது. அதன் 2.2.0 பதிப்பில், நூலகத்தை மற்ற நிரல்கள் உள்ளே அழைக்கும் வழி மாறிப்போனது. இரண்டாம் எண் மட்டுமே கூடியதால் பல திட்டங்கள் அதைத் தாமாகவே ஏற்று, இயங்காமல் நின்றன. 2.2.2 வந்த பிறகே சரியானது. பிழையுள்ள பதிப்பை அதே எண்ணில் மாற்றி எழுதக் கூடாது. திருத்தம் புதிய எண்ணில்தான் வர வேண்டும்.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. நம் நூலகத்தில் `marks` என்ற பெயரை `scores` என்று மாற்றினால் அடுத்த எண் 2.0.1-ஆ, 2.1.0-ஆ, 3.0.0-ஆ? யாராவது `average(marks=[60, 80])` என்று எழுதியிருந்தால் என்ன ஆகும் என்பதை யோசித்து விடை சொல்லுங்கள்.