எந்த ரயில் முதலில் வரும்?

கிள்ளானில் ஆறாம் படிவம் படிக்கும் மாணவி ஒருவர் கைப்பேசியில் ஒரு கணக்கைப் படம்பிடித்து அனுப்பியிருந்தார். பக்கத்தின் வலது ஓரம் படத்தில் விழவில்லை. தெரிந்த அளவில் கணக்கு இதுதான்: இரண்டு ரயில்கள், ஒவ்வொன்றுக்கும் காத்திருக்கும் நேரம் 0 முதல் 30 நிமிடம் வரை சீராகப் பரவியிருக்கிறது. முதலில் வரும் ரயிலுக்குச் சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? இரண்டும் வந்து முடிய எவ்வளவு நேரம் ஆகும்? "விடைப் பக்கத்தில் 10, 20 என்று இருக்கிறது. ஒரு ரயிலுக்குச் சராசரி 15 என்றால் முதலாவதும் ஏறக்குறைய அவ்வளவுதானே இருக்க வேண்டும்?" என்று கேட்டிருந்தார்.

இந்தக் கணக்கு பிரிக்பீல்ட்ஸில் தினமும் நடக்கிறது. கேஎல் சென்ட்ரலிலிருந்து பேங்க் நெகாரா நிலையத்துக்குப் போகிறவர் கிள்ளான் தடத்து கொம்யூட்டரிலும் ஏறலாம், சிரம்பான் தடத்து கொம்யூட்டரிலும் ஏறலாம். அந்தத் துண்டில் இரண்டும் ஒரே பாதையில் ஓடுகின்றன. எது முந்தி வருகிறதோ அதில் ஏறுவார். அவருடைய காத்திருப்பு இரண்டில் சிறியது. எதிர்த்திசையில் கிள்ளானுக்கு ஒரு விருந்தாளியையும் சிரம்பானுக்கு இன்னொருவரையும் வழியனுப்ப வந்தவர் பிந்திய ரயில் போகும்வரை நிற்க வேண்டும். அவருடையது இரண்டில் பெரியது.

ஒவ்வொரு தடத்திலும் அரை மணிக்கொரு ரயில் என்று வைத்துக்கொள்வோம். தொகையீடு போட்டு விடை காணலாம். எனக்குப் பிடித்த வழி வேறு. 30 நிமிடத்தை ஒரு வளையலாக வளைத்துவிடுங்கள். வளையலின் மேல் மூன்று புள்ளிகள்: நீங்கள் நடைமேடைக்கு வந்த நேரம், கிள்ளான் ரயில், சிரம்பான் ரயில். மூன்றும் ஒன்றையொன்று கவனிக்காமல் எங்கே வேண்டுமானாலும் விழுகின்றன. அவை வளையலை மூன்று துண்டாக்கும். எந்தத் துண்டுக்கும் தனிச் சலுகை இல்லை என்பதால் ஒவ்வொன்றின் சராசரியும் 10 நிமிடம். உங்களிடமிருந்து முதல் ரயில் வரை ஒரு துண்டு, அதாவது 10. இரண்டாவது ரயில் வரை இரண்டு துண்டு, அதாவது 20. மூன்று தடங்கள் இருந்தால் வளையலில் நான்கு துண்டு. முதல் ரயிலுக்குச் சராசரி ஏழரை நிமிடம். விடைப் பக்கம் சொல்வது சரிதான்.

ஆனால் அது சரியாவதற்கு "ஒன்றையொன்று கவனிக்காமல்" என்ற நிபந்தனை வேண்டும். காத்திருப்புகள் சார்பற்றவை என்ற அந்தச் சொல் படத்தில் விழாத ஓரத்தில்தான் இருந்திருக்க வேண்டும். அது இல்லாமல் இந்தக் கணக்குக்கு ஒரே விடை கிடையாது.

இரண்டு தடங்களும் ஒரே கால அட்டவணைக்குக் கட்டுப்பட்டால் அவற்றின் இடைவெளி மாறாது. கிள்ளான் ரயில் வந்து சரியாக 15 நிமிடம் கழித்து சிரம்பான் ரயில் வருகிறது என்றால், உங்களுக்கு 15 நிமிடத்துக்கொரு ரயில். சராசரிக் காத்திருப்பு ஏழரை நிமிடம். ஒன்றன் பின்னால் ஒன்றாக 5 நிமிட இடைவெளியில் வந்தால் அரை மணி நேரம் 5 நிமிடத் துண்டு, 25 நிமிடத் துண்டு என்று பிரியும். நீங்கள் பெரிய துண்டில் வந்து மாட்டும் வாய்ப்பு ஆறில் ஐந்து. அங்கே சராசரி 12.5, சின்னத் துண்டில் 2.5. சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய 10.8 நிமிடம். இரண்டும் ஒன்றாகவே வந்தால் 15. மாணவி ஊகித்தது இந்த நிலைமைக்குச் சரி.

இதில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது ஒன்று. இடைவெளி 0 முதல் 30 வரை எதுவாகவும் சமமாக இருக்கலாம் என்று வைத்து, இந்த விடைகளையெல்லாம் சராசரி எடுத்தால் மிகச் சரியாக 10 வருகிறது. சார்பின்மை என்பது இங்கே அட்டவணையைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாத நிலை. அட்டவணை தெரிந்தவுடன் அந்த 10 தன் உரிமையை இழந்துவிடுகிறது.

சிறியதையும் பெரியதையும் கூட்டினால் 15-உம் 15-உம் சேர்ந்த 30 வர வேண்டும் என்று மாணவர்கள் சரிபார்ப்பார்கள். கூட்டலில் பிழை இருந்தால் அது காட்டிக்கொடுக்கும். சார்பின்மை இல்லாததைக் காட்டாது. 10-உம் 20-உம் 30, ஏழரையும் இருபத்திரண்டரையும் 30, இரண்டு 15-உம் 30. பாடநூல்கள் இந்த நிபந்தனையை ஒரு சொல்லில் தாண்டிப் போவதும், மதிப்பெண் முழுவதும் தொகையீட்டுக்குப் போவதும் எனக்கு வருத்தம். அட்டவணை போடுகிறவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. இரண்டு ரயில்களும் ஒன்றாக வருகிற இடத்தில், ஒரு ரயில்கூட அதிகம் விடாமல், இடைவெளியைச் சமமாக்கியே பயணியின் காத்திருப்பைப் பாதியாக்க முடியும்.

உங்கள் நிலையத்துக்கு எந்த விடை பொருந்தும் என்று தெரிய, வெவ்வேறு நாட்களில் இரண்டு தடங்களின் ரயில்களும் உண்மையில் வந்த நேரங்களைக் குறித்து, கிள்ளான் ரயிலுக்கும் அடுத்து வந்த சிரம்பான் ரயிலுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதிப் பாருங்கள். ஒரே எண்ணைச் சுற்றி நின்றால் அந்த இடைவெளியை வைத்துக் கணக்கிடுங்கள். 0 முதல் 30 வரை சீராகச் சிதறிக் கிடந்தால் 10-ஐயும் 20-ஐயும் நம்பலாம்.