நிற்காத சொட்டு: அன்றும் இன்றும்

1845-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மாண்ட்கமரி நகருக்கு அருகே ஒரு பருத்தித் தோட்டம். அங்கே அனார்க்கா என்ற அடிமைப் பெண்ணுக்கு மூன்று நாளாகப் பிரசவ வலி. வயது ஏறத்தாழ 17. குழந்தையின் தலை இடுப்பெலும்புக்குள் சிக்கி நின்றுவிட்டது. கடைசியில் மாரியன் சிம்ஸ் என்ற மருத்துவரை அழைத்து வந்து, ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தார்கள். சில நாட்களில் அனார்க்காவுக்குச் சிறுநீர் தானாகவே ஒழுகத் தொடங்கியது. பின்புறச் சுவரும் கிழிந்திருந்ததால் மலமும் கசிந்தது.

1962-ஆம் ஆண்டு. எத்தியோப்பியாவின் மலைநாட்டில் மமிட்டு காஷே என்ற பதின்வயதுப் பெண்ணுக்கு நான்கு நாள் வலி. குழந்தை இறந்தே பிறந்தது. அவருக்கும் சிறுநீர் நிற்காமல் சொட்டியது. இரு பெண்களுக்கும் நடுவே நூற்றுப் பதினேழு ஆண்டுகள் கடந்திருந்தும் காயம் அதேதான். அதன் பெயர் வெசிகோவஜைனல் ஃபிஸ்டுலா. சிறுநீர்ப்பைக்கும் பிறப்புக் குழாய்க்கும் நடுவே விழுந்துவிட்ட ஓட்டை.

ஓட்டை எப்படி விழுகிறது?

சிறுநீர்ப்பை பிறப்புக் குழாயின் முன்சுவரை ஒட்டி இருக்கிறது. அதற்கும் முன்னால் இருப்பது இடுப்பெலும்பு. ஒவ்வொரு வலிக்கும் குழந்தையின் தலை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கவேண்டும். தாயின் இடுப்பெலும்பு இன்னும் முழுதாக வளரவில்லை என்றாலோ, குழந்தை பெரிதாக இருந்தாலோ, குறுக்கே கிடந்தாலோ தலை இறங்காது. ஆனால் வலி விடாது. அம்மிக்கும் குழவிக்கும் நடுவே அகப்பட்டதுபோல், தலைக்கும் எலும்புக்கும் இடையில் சிறுநீர்ப்பையின் சதை நசுங்கிக் கிடக்கும். சில மணி நேரத்தில் மருத்துவமனைக்குப் போய் அறுவைசிகிச்சை செய்தால் சதை பிழைத்துவிடும். அது நடக்காமல் ஒரு நாள், இரண்டு நாள் என்று நீண்டால், ரத்தம் பாயாத அந்தச் சதை செத்துப்போகும். பெரும்பாலும் குழந்தையும் இறந்துவிடும். இறந்த குழந்தையின் தலை மென்மையாகிச் சுருங்கிய பிறகே வெளியே வரும்.

செத்த சதை உடனே உதிர்ந்துவிடுவதில்லை. பிரசவமாகி மூன்று நாளிலிருந்து பத்து நாளுக்குள் அது அழுகி விழும். அங்கே ஓட்டை தெரியும். அதனால்தான் வீட்டுக்கு வந்த பிறகு ஒழுக ஆரம்பித்த நீரைப் பலர் பிரசவக் களைப்பு என்றோ, பலவீனம் என்றோ எண்ணி நாளைக் கடத்திவிடுகிறார்கள். இருமினால், தும்மினால், பாரம் தூக்கினால் கொஞ்சம் நீர் பிரிவது வேறு கோளாறு. இங்கே நின்றாலும் படுத்தாலும் தூங்கினாலும் நீர் வந்துகொண்டே இருக்கும். ஓட்டை பெரிதாக இருந்தால் சிறுநீர்ப்பை நிரம்புவதே இல்லை. முட்டுகிற உணர்வும் வராது. சிறுநீரகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லி நீரை அனுப்பிக்கொண்டிருக்கிறது. வந்த நீர் வந்தபடியே வழிந்துவிடுகிறது.

துணி நனையக் கூடாது என்று இந்தப் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள். அதனால் சிறுநீர் அடர்த்தியாகி, நாற்றம் கூடி, தொடைத் தோல் வெந்து புண்ணாகும். சிலருக்குக் கல்லும் சேரும். அதே அழுத்தத்தில் கால் நரம்பும் நசுங்கியிருந்தால் பாதத்தைத் தூக்க முடியாமல் இழுத்து நடப்பார்கள். பிள்ளையை இழந்து, நாற்றத்தால் கணவனும் ஊரும் ஒதுக்க, தனிக் குடிசையில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்கள் பலர்.

அன்று: மயக்கமருந்து இல்லாத முப்பது முறை

சிம்ஸுக்கு முன்பும் இந்த ஓட்டையைத் தைத்துப் பார்த்தவர்கள் உண்டு. காயம் உள்ளே ஆழத்தில் இருந்ததால் சரியாகக் கண்ணுக்குத் தெரியவில்லை. பட்டு நூல் சீழ்பிடித்தது. தையலின்மேல் சிறுநீர் தேங்கி அதைப் பிரித்துவிட்டது.

சிம்ஸ் தம் வீட்டுக் கொல்லையில் ஒரு சிறு மருத்துவமனை கட்டி, அனார்க்கா, பெட்சி, லூசி ஆகியோரையும் வேறு சில அடிமைப் பெண்களையும் அங்கே வைத்துக்கொண்டார். நோயாளியை முட்டி போட்டுக் குனியச் செய்து, வளைந்த கரண்டி போன்ற ஒரு கருவியால் பின்சுவரை விலக்கியபோது ஓட்டை முதன்முறையாகத் தெளிவாகத் தெரிந்தது. பட்டு நூலுக்குப் பதில் வெள்ளிக் கம்பியால் தைத்தார். சிறுநீர் வடிந்துகொண்டே இருக்க ஒரு குழாயைப் பொருத்தினார். 1849-இல் அனார்க்காவின் ஓட்டை மூடியதாக அவர் எழுதினார். அது அனார்க்காவுக்கு நடந்த முப்பதாவது அறுவைசிகிச்சை. ஒன்றில்கூட மயக்கமருந்து கொடுக்கப்படவில்லை. ஈதர் 1846-இலேயே பயன்பாட்டுக்கு வந்திருந்தது. அந்தப் பெண்கள் மறுத்திருந்தால் அந்த மறுப்பைச் சட்டமோ எசமானோ ஏற்றிருக்கப்போவதில்லை. உதவிக்கு வந்த மருத்துவர்கள் தொடர்ந்த தோல்விகளைப் பார்த்து விலகிக்கொண்டபோது, ஒருவருக்கு அறுவை நடக்கையில் மற்றப் பெண்களே பிடித்துக்கொண்டும் கருவிகளை எடுத்துக் கொடுத்தும் உதவினார்கள்.

சிம்ஸ் 1852-இல் தம் முறையை வெளியிட்டுப் புகழ்பெற்றார். நியூயார்க்கில் அவருக்குச் சிலை வைத்தார்கள். 2018-இல் அது சென்ட்ரல் பூங்காவிலிருந்து அகற்றப்பட்டது. அந்த மூன்று பெண்களுக்கும் மாண்ட்கமரியில் இன்று நினைவுச்சின்னம் இருக்கிறது. அவர்கள் உடலில் கற்றுக்கொண்ட பாடங்கள் இவைதான்: காயத்தைக் கண்ணால் முழுதாகப் பார்க்கவேண்டும்; உறுத்தாத பொருளால் தைக்கவேண்டும்; இழுபடாமல் தைக்கவேண்டும்; ஆறும்வரை சிறுநீர்ப்பையைக் காலியாக வைத்திருக்கவேண்டும். இன்றைய அறுவையும் இவற்றின்மேல்தான் நிற்கிறது.

இன்று: அடிஸ் அபாபாவின் அறுவை மேசை

ரெஜினால்ட் ஹாம்லின், கேத்தரின் ஹாம்லின் என்ற மருத்துவத் தம்பதி 1959-இல் எத்தியோப்பியாவுக்கு வந்தார்கள். ஃபிஸ்டுலாவுக்கென்றே அடிஸ் அபாபாவில் ஒரு மருத்துவமனையை 1974-இல் நிறுவினார்கள். இன்று அதற்கு நாட்டின் பிற பகுதிகளில் கிளைகள் உண்டு. இதுவரை 60,000-க்கும் மேற்பட்ட பெண்கள் சிகிச்சை பெற்றிருக்கிறார்கள். மமிட்டு காஷேவைத் தைத்துக் காப்பாற்றியவர்கள் இவர்களே. அவர் ஊர் திரும்பவில்லை. படுக்கை விரிப்பதில் தொடங்கி, அறுவை அறையில் கருவி எடுத்துக் கொடுத்து, பிறகு ரெஜினால்டிடமே தைக்கக் கற்றார். பள்ளிப் படிப்பில்லாத அந்தப் பெண் பிற்காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த மருத்துவர்களுக்கே இந்த அறுவையைக் கற்றுக்கொடுத்தார்.

இன்று அங்கே ஒரு பெண் வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாள் வலிக்குப் பின் பிரசவம். ஒழுகத் தொடங்கி நான்கு மாதம். முதலில் ஓட்டை எங்கே என்று பார்க்கவேண்டும். பிறப்புக் குழாய்க்குள் மூன்று பஞ்சுத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, குழாய்வழியே சிறுநீர்ப்பைக்குள் நீலச் சாயம் கலந்த நீரை விடுவார்கள். நடுப் பஞ்சு நீலமானால் ஓட்டை சிறுநீர்ப்பையில் இருக்கிறது. மேற்பஞ்சு நனைந்தும் நீலமாகாமல் இருந்தால், நீர் சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயிலிருந்து கசிகிறது. அதற்கு வேறு அறுவை. கீழ்ப்பஞ்சு மட்டும் நீலமானால் சிறுநீர்த் துவாரத்திலிருந்தே கசிகிறது. இந்த எளிய சோதனை தவறினால் தவறான இடத்தைத் தைக்க நேரும்.

புண் தோலை ஆற்றி, சத்துணவு கொடுத்து உடம்பைத் தேற்றிய பிறகு அறுவை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். பெரும்பாலான ஓட்டைகளுக்கு வயிற்றைத் திறக்கவேண்டியதில்லை. பிறப்புக் குழாய் வழியாகவே எட்டலாம். முதலில் சிறுநீரகக் குழாய்கள் திறக்கும் இடத்தைத் தேடி மெல்லிய குழாய் செருகுவார்கள். ஓட்டையின் விளிம்போடு சேர்த்து அவற்றையும் தைத்துவிடும் ஆபத்து உண்டு. பின் ஓட்டையைச் சுற்றிக் கீறி, ஒட்டிக்கிடக்கும் இரு சுவர்களையும் பிரிப்பார்கள். அறுவையின் பாதி வேலை இதுதான். சிறுநீர்ப்பைச் சுவர் தாராளமாக அசையும்வரை பிரித்தால்தான் விளிம்புகள் இழுபடாமல் சேரும். தானே கரையும் நூலால் சிறுநீர்ப்பையைத் தைத்து, மறுபடி நீல நீர் விட்டுப் பார்ப்பார்கள். ஒரு சொட்டும் கசியவில்லை என்றால் மேலே பிறப்புக் குழாயின் சுவரையும் மூடுவார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் சிறுநீர்க் குழாயின் கையில். அது அடைத்துக்கொண்டால் சிறுநீர்ப்பை உப்பி, தையல் பிரிந்துவிடும். அதனால் செவிலியர்கள் குழாய் சொட்டுகிறதா என்று இரவும் பகலும் பார்ப்பார்கள். சிறுநீர் தண்ணீர்போல் தெளிவாக வரும்வரை குடிக்கச் சொல்வார்கள். தண்ணீருக்கு அஞ்சிய பெண்ணுக்கு அதுவே மருந்தாகிறது. முன்பு குழாயை இரண்டு வாரம் வைத்திருப்பது வழக்கம். எட்டு ஆப்பிரிக்க நாடுகளில் ஒப்பிட்டுப் பார்த்ததில், எளிய ஓட்டைகளுக்கு ஏழு நாளே போதும் என்று தெரிந்தது. 2018 முதல் உலக சுகாதார நிறுவனமும் 7 முதல் 10 நாள் என்றே பரிந்துரைக்கிறது.

இன்னொரு மாற்றம் பெரிது. அன்று புண் ஆறட்டும் என்று மூன்று மாதம் காத்திருக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்புவார்கள். இன்று பிரசவமான சில நாட்களில் ஒழுகல் தெரிந்தால் உடனே குழாயைப் பொருத்தி, நான்கு வாரமோ அதற்கு மேலுமோ வைத்திருக்கிறார்கள். புதிய, சிறிய ஓட்டை பல பெண்களுக்கு அறுவையே இல்லாமல் மூடிக்கொள்கிறது. நீண்ட பிரசவம் ஆன எந்தப் பெண்ணுக்கும், ஒழுகல் தொடங்கும் முன்பே சிறுநீர்ப்பைக்கு ஓய்வு கொடுக்கக் குழாயைச் சில நாள் விட்டுவைப்பது இதனால்தான்.

தையலால் ஆகாதவை

எளிய ஓட்டைகளில் பத்தில் எட்டு ஒன்பது முதல் அறுவையிலேயே மூடிவிடுகின்றன. ஆனால் ஓட்டை மூடியும் சிலருக்கு நனைவது நிற்பதில்லை. அப்போது மறுபடி நீலச் சாயம் வைத்துப் பார்ப்பார்கள். பஞ்சு வெள்ளையாக இருந்தால் தையல் நிலைத்திருக்கிறது. சிறுநீரைப் பிடித்துவைக்கும் தசை அழிந்திருக்கிறது என்று பொருள். பயிற்சியும் சில வேளை மறு அறுவையும் அவர்களுக்கு உதவும். சிறுநீர்ப்பையின் பெரும்பகுதி அழிந்தவர்களுக்குக் குடலின் ஒரு துண்டைக்கொண்டு வயிற்றின் பக்கமாகச் சிறுநீரைப் பையில் இறங்கச் செய்வதே வழி.

குணமானவளும் சில மாதம் உடலுறவைத் தவிர்க்கவேண்டும். அடுத்த குழந்தை கட்டாயம் மருத்துவமனையில், அறுவைசிகிச்சையில்தான் பிறக்கவேண்டும். இன்னொரு நீண்ட வலி தையலைப் பிரித்துவிடும்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்தப் பிரசவக் காயம் ஏறக்குறைய மறைந்ததற்குக் காரணம், தலை சிக்கிய சில மணி நேரத்துக்குள் அறுவைசிகிச்சை கிடைக்கத் தொடங்கியதுதான். ஹாம்லின் மருத்துவமனையும் இதை உணர்ந்து 2007-இல் மருத்துவச்சிகளுக்கு ஒரு கல்லூரி தொடங்கியது. அங்கே படித்தவர்கள் கிராமத்துக்குப் போய், கருப்பைவாய் எவ்வளவு விரிகிறது, தலை எவ்வளவு இறங்குகிறது என்று நேரவாரியாக வரைபடத்தில் குறிக்கிறார்கள். கோடு முன்னேறாமல் நின்றால், தாயை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வண்டியை வரவழைக்கிறார்கள்.

மருத்துவமனைப் பிரசவமே வழக்கமாகிவிட்ட தமிழ்நாட்டில் இந்த ஓட்டை இப்போது கருப்பையை எடுக்கும் அறுவைக்குப் பின்னால் வருவதே மிகுதி. அறுவை முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில் இடைவிடாமல் நீர் கசிந்தால் அதை வெள்ளைப்படுதல் என்று ஒதுக்காமல் அந்த வாரமே மருத்துவரிடம் காட்டவேண்டும். வீட்டில் பிள்ளை பெற்ற காலத்தில் ஓட்டை விழுந்து, வெட்கத்தால் வாய் திறக்காமல் முப்பது ஆண்டு துணி வைத்துக்கொண்டே வாழ்ந்துவிட்ட மூத்த பெண்கள் யாரேனும் இருந்தால், அவர்களுக்கும் காலம் கடந்துவிடவில்லை. பழைய ஓட்டையின் விளிம்பு தழும்பேறி இறுகியிருக்கும். அதைத் தளர்த்த நேரம் கூடுதலாகும். ஆனால் அதையும் தைக்கலாம்.