மயக்க ஊசிக்கு முன் ஒரு கையெழுத்து

1995-ல் டெல்லியில், மாதவிடாய் நிற்காமல் தொடர்ந்த 44 வயதுப் பெண் ஒருவர் மருத்துவரிடம் போனார். வயிற்றுக்குள் கேமரா விட்டுக் காரணம் கண்டறிய லேப்ராஸ்கோப்பி செய்வதற்கான படிவத்தில் கையெழுத்திட்டார். அவர் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2008-ல் தீர்ப்பு வந்தது: பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குத் தந்த சம்மதம் ஆகாது. உடனடி உயிராபத்து இல்லாதபோது, சுயநினைவு திரும்பும்வரை காத்திருந்து நோயாளியிடமே கேட்டிருக்க வேண்டும். தாயின் கையெழுத்து அதற்கு ஈடாகாது. சிகிச்சையின் தன்மை, பலன், மாற்று வழிகள், முக்கிய அபாயங்கள், சிகிச்சையே வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்பவற்றைச் சொன்ன பிறகு பெறுவதே சம்மதம் என்றும் நீதிமன்றம் கூறியது.

பித்தப்பைக் கல்லுக்கான அறுவை சிகிச்சையை எடுத்துக்கொண்டால், நல்ல படிவம் இப்படிப் பேசும்: "வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கல்லோடு பித்தப்பையையும் எடுத்துவிடுவோம். உள்ளே ஒட்டல் அதிகமாக இருந்தால், வயிற்றைத் திறந்து செய்ய நேரலாம்."

அபாயங்களை, எவ்வளவு பேருக்கு வரும் என்பதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். தையல் இடத்தில் சீழ் பிடிப்பது அவ்வப்போது நடக்கும், மருந்தில் ஆறும். பித்தக்குழாய் காயப்படுவது ஆயிரத்தில் சிலருக்கே நேரும். ஆனால் நேர்ந்தால் இன்னொரு பெரிய அறுவை சிகிச்சை தேவைப்படலாம். வீடு திரும்பிய பின் காய்ச்சலோ, வயிற்றுவலியோ, கண் மஞ்சளாவதோ தெரிந்தால் உடனே வர வேண்டும் என்பதும் அங்கேயே இருக்க வேண்டும்.

அடுத்து மாற்று வழிகள். வலியே இல்லாத கல்லைப் பெரும்பாலும் அப்படியே விட்டுக் கவனிக்கலாம். கல்லைக் கரைக்கும் மாத்திரை சிலருக்கே பலன் தரும். நிறுத்தினால் கல் திரும்ப வரலாம். அடிக்கடி வலி வருபவர் தள்ளிப்போட்டால் பித்தப்பையோ கணையமோ வீங்கும் ஆபத்து உண்டு.

கடைசியில் உறுதிமொழி வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நோயாளி தனித்தனியாக ஒப்பமிடுவது நல்லது:

"எனக்குப் புரியும் மொழியில் விளக்கினார்கள். என் கேள்விகளுக்குப் பதில் கிடைத்தது."

"மேலே எழுதிய சிகிச்சைக்கு மட்டும் சம்மதிக்கிறேன். உயிராபத்து இருந்தால் தவிர, வேறெதையும் என்னைக் கேட்காமல் செய்யக் கூடாது."

"அறுவை தொடங்கும்வரை எப்போது வேண்டுமானாலும் இந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று அறிவேன்."

இவற்றில் இரண்டாவது வரி, அந்த டெல்லிப் பெண்ணுக்கு நேர்ந்ததைத் தடுக்கக்கூடியது. சிகிச்சையின் பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கும்போது கையெழுத்துக் கேட்டால், அதை நிரப்பச் சொல்லி, படித்த பிறகே ஒப்பமிட வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டதாலேயே, மருத்துவரின் கவனக்குறைவால் நேரும் கேட்டுக்கு நிவாரணம் கோரும் உரிமை பறிபோய்விடாது.