'அடிபட்டுச்சு' என்றால் அடித்தது யார்? வினைச்சொல்லின் பொருளைப் பட்டியலில் அடக்க முடியாதது ஏன்?

கேரளாவின் நெய்யாற்றின்கரை தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது காரக்கோணம். கிழக்கே கொஞ்ச தூரம் போனால் கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு பகுதி வந்துவிடும். 1956-ல் மாநில எல்லைகள் மாற்றி வரையப்பட்டபோது விளவங்கோடு அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளாவில் நின்றது. கோடு போட்டதால் பேச்சு பிரிந்துவிடவில்லை. இந்தப் பகுதியில் தமிழும் மலையாளமும் ஒரே கடைவாசலில் கேட்கும்.

இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்து ஒருவர், வீங்கிய கையோடு கேரளப் பக்கத்து மருத்துவமனைக்குப் போகிறார். "கையில அடிபட்டுச்சு" என்கிறார். மலையாளம் மட்டுமே பழகிய பணியாளரின் காதில் 'அடி' என்ற சொல் விழுகிறது. மலையாளத்தில் "அவனு அடி கிட்டி" என்றால் அவனுக்கு அடி விழுந்தது, அதாவது யாரோ அடித்தார்கள் என்று பொருள். எனவே அவர் கேட்கிறார்: யார் அடித்தது?

"யாரும் அடிக்கல. வழுக்கி விழுந்துட்டேன்."

இது வெறும் வேடிக்கை இல்லை. ஒருவர் தாக்கப்பட்டு வந்தால் மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டிவரும். வீட்டு வாசலில் வழுக்கி விழுந்தவருக்கு அந்தக் கேள்வியே வராது. ஒரே ஒரு வினைச்சொல்லில் 'அடித்தவர்' என்று ஒருவர் இருக்கிறாரா, இல்லையா என்பதுதான் இங்கே பிரச்சினை.

யார், எதை, எதனால்?

ஒரு வினையில் யார் யாருக்கு என்ன பங்கு என்று கணக்கெடுப்பது நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் ஒரு தொழில் நடக்கத் தேவையானவை என்று எட்டைச் சொல்கிறது: வினை, செய்பவர், செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, யாருக்காக, என்ன பயனுக்காக. குயவர் ஒருவர் பானை வனைவதை நினைத்துக்கொண்டால் எட்டும் அழகாகப் பொருந்தும்.

"இலை விழுந்தது" என்று சொன்னால்? கருவி இல்லை, 'யாருக்காக' இல்லை. தொல்காப்பியர் இதையும் பார்த்திருக்கிறார். அடுத்த நூற்பாவிலேயே, வழக்கில் குறைய வேண்டியவை குறையும் என்கிறார். பட்டியலைப் போட்ட கையோடு அதன் எல்லையையும் சொன்னவர் அவர். பின்னால் வந்த பலர் இந்தக் கவனத்தைக் காட்டவில்லை என்பது என் கருத்து.

1968-ல் அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஃபில்மோர், எல்லா மொழிகளுக்கும் பொதுவாக ஆறு பங்குகளை முன்வைத்தார். செய்பவர், கருவி, பாதிக்கப்படும் உயிர், இடம் என்று போகும் அந்தப் பட்டியல். மற்றவர்கள் அதில் கூட்டினார்கள், கழித்தார்கள். எத்தனை பங்குகள் என்பதில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை.

பட்டியல் எங்கே தடுமாறுகிறது?

இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். "கல்லால் பானையை அடித்தான்." "கல்லால் பானையை உடைத்தான்." இரண்டிலும் செய்பவன் ஒருவன், படுபொருள் பானை, கருவி கல். பட்டியலின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆனால் "பானையை அடிச்சான், பானைக்கு ஒண்ணும் ஆகல" என்று தாராளமாகச் சொல்லலாம். "பானையை உடைச்சான், பானைக்கு ஒண்ணும் ஆகல" என்றால் கேட்பவர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். 'உடைத்தான்' என்ற சொல்லுக்குள்ளேயே பானையின் முடிவு இருக்கிறது. 'அடித்தான்' என்பதில் கல் போய்ப் பட்டது மட்டும்தான் இருக்கிறது.

இந்த வேறுபாடு இலக்கணத்திலும் தெரியும். 'பானை உடைந்தது' என்று செய்தவனை விட்டுவிட்டுச் சொல்ல முடிகிறது. அதே மாதிரி 'பானை அடிந்தது' என்று யாரும் சொல்வதில்லை. அடுத்து, "அவனைத் தலையில அடிச்சான்" என்பது சரி. "அவனைத் தலையில உடைச்சான்" என்பது சரியில்லை. "அவன் தலையை உடைச்சான்" என்றுதான் சொல்ல வேண்டும். ஆங்கிலத்திலும் இந்த இரண்டு வினைகள் இப்படிப் பிரிந்து நடப்பதை 1970-ல் விரிவாக எழுதியவர் அதே ஃபில்மோர்தான். பங்குகளின் பெயர் தெரிந்தால் மட்டும் போதாது, வினை எந்த வகை என்று தெரிய வேண்டும் என்பது அவர் கண்டது.

இப்போது மருத்துவமனைக்குத் திரும்புவோம். அடிபட்டவர், அடி வாங்கியவர் இருவரையும் பட்டியல் 'பாதிக்கப்பட்டவர்' என்ற ஒரே கட்டத்தில் போடும். ஆனால் "அவன் அடி வாங்கினான்" என்றால் எதிரில் ஓர் ஆள் கட்டாயம் உண்டு. (படமும் பங்குச்சந்தையும் 'அடி வாங்குவது' செய்தித்தாள் பேச்சு; அதை விட்டுவிடலாம்.) "அவனுக்கு அடிபட்டது" என்பதில் ஆள் இருக்கலாம், கல் இருக்கலாம், வழுக்கும் படிக்கட்டும் இருக்கலாம். சொல் அதைத் திறந்தே வைத்திருக்கிறது. மலையாளத்தில் விழுந்து காயம்பட்டவர் "பரிக்கு பற்றி" என்று வேறு சொல்லை எடுப்பார். குழப்பம் பிறந்தது அந்த இடைவெளியில்தான்.

'கு' உருபைப் பிடித்துப் பங்கைச் சொல்லிவிடலாமா?

அதுவும் நடக்காது. "நாய்க்குச் சோறு வச்சேன்" என்றால் நாய் பெறுவது. "நாய்க்குப் பசிக்குது" என்றால் நாய் உணர்வது. "நாய்க்குப் பயந்து ஓடினேன்" என்றால் உணர்வது நான், பயத்துக்குக் காரணம் நாய். உருபு ஒன்று, பங்கு மூன்று.

எல்லையைத் தாண்டினால் இதே காரணத்துக்கு வேறு உருபு வரும். மலையாளத்தில் "எனிக்கு பட்டியெ பேடியாணு" என்பார்கள். அங்கே 'பட்டி' என்றால் நாய். அது 'நாயை' என்பதுபோல இரண்டாம் வேற்றுமையில் நிற்கிறது. பயம் ஒன்றே, நாயும் ஒன்றே.

அப்படியானால் என்ன வழி?

1991-ல் டேவிட் டௌட்டி என்ற மொழியியலாளர், தனித்தனிக் கட்டங்களே வேண்டாம் என்றார். விருப்பத்தோடு செய்கிறாரா, உணர்கிறாரா, மாற்றத்துக்குக் காரணமா என்று சில குணங்களைக் கேளுங்கள். அவை கூடக் கூட ஒருவர் 'செய்பவர்' பக்கம் நகர்வார். நிலை மாறுகிறதா, பிறரால் பாதிக்கப்படுகிறதா என்ற குணங்கள் கூடினால் 'படுபொருள்' பக்கம். இதன்படி வழுக்கி விழுந்தவர் உணர்கிறார், பாதிக்கப்படுகிறார், விரும்பிச் செய்யவில்லை. ஒரே கட்டத்தில் அவரைத் திணிக்க வேண்டியதில்லை. ஆனால் எந்தப் பெயர்ச்சொல் எழுவாய் ஆகும் என்று சொல்லவே டௌட்டி இதை உருவாக்கினார். 'அடி'க்கும் 'உடை'க்கும் உள்ள பொருள் வேறுபாட்டை முழுதாக எடுத்துச் சொல்வது இதன் வேலை இல்லை.

ஃபில்மோர் வேறு திசையில் போனார். 1997-ல் பெர்க்லியில் தொடங்கிய அவருடைய 'ஃபிரேம்நெட்' திட்டம், ஒவ்வொரு வகை நிகழ்ச்சிக்கும் தனிச் சட்டகம் போட்டு, அதற்கே உரிய பங்காளிகளைப் பெயரிடுகிறது. ஒருவர் இன்னொருவரைக் காயப்படுத்துவது ஒரு சட்டகம். தன் உடலில் தானே காயம்பட்டுக்கொள்வது இன்னொன்று. கிடைத்த துல்லியத்துக்கு விலையும் உண்டு: ஆங்கிலத்துக்கு மட்டுமே ஆயிரத்துக்கும் மேற்பட்ட சட்டகங்கள். ஆறில் தொடங்கிய பட்டியல் இது!

நம் 'அடிபட்டுச்சு' இந்த இரண்டு சட்டகங்களிலும் கால் வைத்து நிற்கிறது. எதில் சேர்ப்பது என்று அந்தச் சொல்லை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. அதனால்தான் தமிழ் பேசும் ஒருவர் "யார் அடிச்சா?" என்று எடுத்தவுடன் கேட்பதில்லை. "எப்படி அடிபட்டுச்சு?" என்றுதான் கேட்பார்.