அந்தமானுக்குப் போய்வரும் அரை நொடி

சென்னையையும் போர்ட் பிளேயரையும் இணைக்கும் கடலடி ஒளியிழைக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டது. அங்கிருந்து கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் என மற்ற தீவுகளுக்கும் அது நீள்கிறது. மொத்த நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். அதுவரை அந்தத் தீவுகளின் இணையம் செயற்கைக்கோளை நம்பித்தான் இருந்தது. கேபிள் வந்தபோது பெரிதாகப் பேசப்பட்டது அதன் கொள்ளளவுதான். சென்னைக்கும் போர்ட் பிளேயருக்கும் நடுவே 200 கிகாபிட் வீதம் இரண்டு ஜோடி என்றார்கள். கொள்ளளவு கூடியது உண்மை. ஆனால் கேபிள் இன்னொன்றையும் மாற்றியது. தகவல் போய்த் திரும்பும் நேரம் அரை நொடியிலிருந்து ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்குக்கு இறங்கியது. அந்த மாற்றம் இல்லாமல் கொள்ளளவை மட்டும் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், கணினி வலையமைப்புப் பாடத்தில் மாணவர்களைக் குழப்பும் நான்கு சொற்களும் தெளிந்துவிடும்.

முதலில் தாமதம், அதாவது லேட்டன்சி. புவிநிலைச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. போர்ட் பிளேயரில் ஒருவர் ஒரு பக்கத்தைக் கேட்டால், அந்தக் கோரிக்கை மேலே ஏறிச் சென்னைக்கு இறங்க வேண்டும். பதிலும் அதேபோல் ஏறி இறங்க வேண்டும். ஆக, அந்த உயரத்தை நான்கு முறை கடக்கிறோம். ஏறக்குறைய 1,43,000 கிலோமீட்டர். ஒளியின் வேகமான நொடிக்கு 3,00,000 கிலோமீட்டரில் வகுத்தால் 477 மில்லி நொடி வருகிறது. நடுவிலுள்ள கருவிகள் எடுக்கும் நேரம் இதற்கு மேல். கணக்கு எளிதாக இருக்க 500 மில்லி நொடி என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பொறியாளராலும் இதைக் கணிசமாகக் குறைக்க முடியாது. இது இயற்பியல் விதித்த எல்லை.

கண்ணாடி இழைக்குள் ஒளி சற்று மெதுவாகத்தான் போகும். நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர், அதாவது ஒரு மில்லி நொடிக்கு 200 கிலோமீட்டர். சென்னைக்கும் போர்ட் பிளேயருக்கும் நேர்கோட்டுத் தூரம் சுமார் 1,370 கிலோமீட்டர். கேபிள் வழியை 1,400 என்று கொண்டால் போக 7, வர 7, மொத்தம் 14 மில்லி நொடி. கருவிகளின் நேரத்தையும் சேர்த்து 20 என்று வைப்போம்.

பேண்ட்வித் என்பது இணைப்பு ஒரு நொடியில் எத்தனை பிட்டுகளை உள்ளே வாங்கும் என்ற அளவு. விளம்பரத்தில் வரும் '100 எம்பிபிஎஸ்' இதுதான். த்ரூபுட் என்பது மறுமுனையில் உண்மையாக ஒரு நொடிக்கு வந்து சேர்ந்த அளவு. இந்த இரண்டும் ஏன் ஒன்றாக இருப்பதில்லை என்று கேட்டால், பலர் 'நெரிசல்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். நெரிசல் ஒரு காரணம்தான். இணைப்பில் வேறு யாருமே இல்லாதபோதும் த்ரூபுட் பேண்ட்வித்தில் நூறில் ஒரு பங்காக விழலாம். அந்தமான் கணக்கு காட்டுவது அதைத்தான்.

இணையத்தில் கோப்புகளைப் பெரும்பாலும் சுமந்து செல்வது டிசிபி என்ற நெறிமுறை. அனுப்புகிறவர் கொஞ்சம் அனுப்பிவிட்டு, 'வந்து சேர்ந்தது' என்ற ஒப்புகைக்காகக் காத்திருப்பார். ஒப்புகை வராமலே எவ்வளவு தூரம் அனுப்பலாம் என்ற வரம்புக்கு விண்டோ என்று பெயர். டிசிபி தலைப்பில் இந்த வரம்பை எழுத 16 பிட் இடம்தான் உண்டு. அதனால் பழைய முறையில் அதிகபட்சம் 65,535 பைட், அதாவது 5,24,280 பிட். ஒரு போய்வரும் நேரத்துக்குள் இதற்கு மேல் ஒரு பிட் கூட அனுப்ப முடியாது. எனவே,

```
throughput <= window / RTT
```

RTT என்பது போய்வரும் நேரம். செயற்கைக்கோளில் 5,24,280 பிட்டை 0.5 நொடியால் வகுத்தால் நொடிக்கு சுமார் 1.05 மெகாபிட். நீங்கள் 10 எம்பிபிஎஸ் வாங்கினாலும் 100 வாங்கினாலும், ஒரு டிசிபி இணைப்புக்குக் கிடைப்பது இவ்வளவுதான். அதே விண்டோவோடு கேபிளில் 0.02 நொடியால் வகுத்தால் 26.2 மெகாபிட். கணினியும் மென்பொருளும் விண்டோவும் அப்படியே இருக்க, போய்வரும் நேரம் மட்டும் குறைந்ததால் வேகம் 25 மடங்கு கூடுகிறது.

அப்படியானால் 100 எம்பிபிஎஸ் முழுவதையும் பயன்படுத்த விண்டோ எவ்வளவு இருக்க வேண்டும்? இதற்கு விடைதான் பேண்ட்வித்-தாமதப் பெருக்கம். கிணற்று மோட்டாரிலிருந்து தூரத்து வயலுக்குக் குழாய் போட்டிருந்தால், வயலில் முதல் சொட்டு விழுவதற்கு முன் குழாய் முழுவதும் தண்ணீர் நிரம்ப வேண்டும் அல்லவா? அதுபோல, முதல் ஒப்புகை திரும்பி வரும்வரை இணைப்பு காலியாகாமல் இருக்க எவ்வளவு தகவல் வழியில் இருக்க வேண்டுமோ, அதுவே இந்தப் பெருக்கம்.

```
BDP = bandwidth x RTT
```

செயற்கைக்கோளில் 100 மெகாபிட்டை 0.5 ஆல் பெருக்கினால் 50 மெகாபிட், எட்டால் வகுக்க 6.25 மெகாபைட். கேபிளில் 100 மெகாபிட்டை 0.02 ஆல் பெருக்கினால் 2 மெகாபிட், அதாவது 250 கிலோபைட். செயற்கைக்கோள் இணைப்பின் பேண்ட்வித்தை மட்டும் கூட்டினால் இந்தப் பெருக்கம்தான் வீங்கும். விண்டோ அதற்கு ஈடுகொடுக்காவிட்டால் கூட்டிய பேண்ட்வித் சும்மா கிடக்கும்.

விண்டோவைப் பெரிதாக்கும் வழி 1992-இலேயே ஆர்எஃப்சி 1323 என்ற ஆவணத்தில் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் இணைப்பைத் தொடங்கும்போதே ஒரு பெருக்கு எண்ணை ஒப்புக்கொள்ளும். அதன்பின் விண்டோ ஒரு கிகாபைட் வரை வளரலாம். இன்றைய இயங்குதளங்களில் இது வழக்கமாக இயங்கிக்கொண்டுதான் இருக்கும். இருந்தாலும் நினைவக வரம்பு தனியாக உண்டு. லினக்ஸில் கீழ்க்கண்ட கட்டளை காட்டும் மூன்றாவது எண் பெறும் பக்கத்தின் உச்சவரம்பு, பைட்டில். அது உங்கள் பெருக்கத்தை விடத் தாராளமாக இருக்க வேண்டும்.

```
sysctl net.ipv4.tcp_rmem
```

விண்டோ பெரிதானாலும் தொடக்கத்திலேயே முழு வேகம் வராது. டிசிபி முதல் சுற்றில் சுமார் பத்துப் பொட்டலம், ஏறக்குறைய 14,600 பைட் அனுப்பி, ஒவ்வொரு சுற்றிலும் அதை இரட்டிப்பாக்கும். 250 கிலோபைட்டை எட்ட ஐந்து முறை இரட்டிக்க வேண்டும். கேபிளில் பத்தில் ஒரு நொடி. 6.25 மெகாபைட்டை எட்ட ஒன்பது முறை; செயற்கைக்கோளில் நாலரை நொடி. சாதாரண வலைப்பக்கம் அதற்குள் முடிந்தே போயிருக்கும். அதனால்தான் செயற்கைக்கோள் நிறுவனங்கள் தரைநிலையத்தில் ஒரு இடைக்கருவியை வைத்து, மறுமுனையின் ஒப்புகைக்குக் காத்திராமல் தாங்களே ஒப்புகை அனுப்புகிறார்கள். மறைகுறியாக்கம் டிசிபி தலைப்பையும் சேர்த்து மூடிவிட்டால், விபிஎன் வழியில் நடப்பதுபோல, இந்த உதவி கிடைக்காது.

இணைப்பு மெதுவாக இருக்கும்போது குற்றம் விண்டோவிலா, பேண்ட்வித்திலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மறுமுனையில் iperf3 இயங்கினால், முதலில் ஒரே ஓட்டமாகவும் பிறகு எட்டு ஓட்டமாகவும் அளந்து பாருங்கள்.

```
iperf3 -c SERVER -t 30
iperf3 -c SERVER -t 30 -P 8
```

எட்டு ஓட்டத்தின் கூட்டுத்தொகை ஒரு ஓட்டத்தைப்போல ஏறத்தாழ எட்டு மடங்கு வந்தால், குழாயில் இடம் இருந்திருக்கிறது. ஒவ்வொரு ஓட்டமும் தன் வரம்பில் முட்டியிருக்கிறது. தொகை மாறாமல் நின்றால் இணைப்பே நிரம்பிவிட்டது என்று பொருள். வழியில் பொட்டலங்கள் தொலைந்தாலும் எட்டு ஓட்டம் அதிகம் காட்டும். அதனால் முடிவில் iperf3 காட்டும் மறுஅனுப்பல் எண்ணிக்கையையும் பார்த்துவிட்டே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இனி பயிற்சிக்குச் சில கணக்குகள். தாளில் போட்டுவிட்டு விடையைப் பாருங்கள். பேண்ட்வித்தில் மெகா என்றால் பத்து லட்சம். பிட்டைப் பைட்டாக்க எட்டால் வகுக்க மறக்காதீர்கள். மாணவர்கள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் இந்த எட்டில்தான்.

கணக்கு 1. 1,400 கிலோமீட்டர் கேபிளில் 1,500 பைட் பொட்டலம் ஒன்றை ஒருவழி அனுப்ப, 10 எம்பிபிஎஸ்ஸில் எவ்வளவு நேரம்? 100 எம்பிபிஎஸ்ஸில்?

கணக்கு 2. சென்னை–சிங்கப்பூர் கேபிள் நீளம் 3,200 கிலோமீட்டர் என்க. பேண்ட்வித் 1 கிகாபிட். பேண்ட்வித்-தாமதப் பெருக்கம் என்ன? விண்டோ 10 லட்சம் பைட் என்றால் த்ரூபுட் என்ன?

கணக்கு 3. விண்டோ 65,535 பைட். 20 எம்பிபிஎஸ் இணைப்பை முழுவதும் நிரப்ப வேண்டும். கேபிள் அதிகபட்சம் எவ்வளவு நீளம் இருக்கலாம்?

கணக்கு 4. இணைப்பு 100 எம்பிபிஎஸ், போய்வரும் நேரம் 20 மில்லி நொடி. விண்டோ 10 லட்சம் பைட், எதுவும் தொலையவில்லை. போய்வரும் நேரம் என்ன ஆகும்?

முதல் கணக்கில் 12,000 பிட்டை உள்ளே தள்ள 10 எம்பிபிஎஸ்ஸில் 1.2 மில்லி நொடி, 100 எம்பிபிஎஸ்ஸில் 0.12. பயண நேரம் இரண்டுக்கும் 7. விடை 8.2, 7.12. பேண்ட்வித் பத்து மடங்கானாலும் சிறு பொட்டலத்துக்கு மிச்சம் ஒரு மில்லி நொடிதான். இரண்டாவதில் போய்வரும் நேரம் 32 மில்லி நொடி. பெருக்கம் 32 மெகாபிட், அதாவது 4 மெகாபைட். விண்டோ அதில் கால்பங்கு. ஆகவே த்ரூபுட்டும் கால்பங்காகி 250 எம்பிபிஎஸ். மூன்றாவதில் 5,24,280 பிட்டை 2 கோடியால் வகுக்க 26.2 மில்லி நொடி, ஒருவழி 13.1, ஒரு மில்லி நொடிக்கு 200 வீதம் சுமார் 2,620 கிலோமீட்டர். கருவிகளின் நேரத்தைச் சேர்த்தால் இன்னும் குறையும்.

நான்காவதுதான் நான் அதிகம் விரும்பும் கணக்கு. பெருக்கம் 250 கிலோபைட், அனுப்புவதோ 1,000. மீதி 750 கிலோபைட் வழியிலுள்ள ரவுட்டரின் வரிசையில் நிற்கும். 60 லட்சம் பிட்டை 100 எம்பிபிஎஸ்ஸில் வெளியே விட 60 மில்லி நொடி ஆகும். போய்வரும் நேரம் 80 ஆகிவிடும். த்ரூபுட் 100-ஐத் தாண்டாது. விண்டோ குறைந்தால் வேகம் போகிறது, அளவுக்கு மீறினால் தாமதம் கூடுகிறது. உங்கள் வீட்டு இணைப்பிலும் இதைப் பார்க்கலாம். யாரும் எதுவும் இறக்காதபோது ஒருமுறை `ping` ஓட்டுங்கள். பெரிய கோப்பு ஒன்று இறங்கிக்கொண்டிருக்கும்போது இன்னொரு முறை ஓட்டுங்கள். இரண்டாவது எண் பல மடங்கு ஏறியிருந்தால், அதிக எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன், உங்கள் ரவுட்டரில் வரிசையை அளவோடு நடத்தும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.